பிரீமியம் ஏறினால் லாபம் ஏன் இறங்குகிறது?

கேள்வி: "மதுரையில் பி.காம். மூன்றாம் வருஷம் படிக்கிறேன். ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனி கணக்கில் வருஷக் கடைசியில் பிரீமியத்தில் பாதியை ரிசர்வ் என்று எடுத்து வைக்கிறார்கள். கணக்கு போட வருகிறது, ஏன் என்று புரியவில்லை. ஏஜென்டாக இருக்கும் என் மாமா, 'இந்த வருஷம் பிசினஸ் அமோகம், ஆனா கம்பெனி நஷ்டம் காட்டுது' என்கிறார். க்ளெய்ம் விகிதம் கூடாமல் இது எப்படி நடக்கும்?"

உங்கள் மாமா சொல்வது நடக்கக்கூடியதுதான். அதற்குக் காரணமும் நீங்கள் கேட்கிற அந்த ரிசர்வ்தான். முதல் பாதி புரிந்துவிட்டால் இரண்டாவது பாதி தானாக அவிழ்ந்துவிடும். ஒரு ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியின் மதுரை அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வெகு காலம் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு சாயங்காலங்களில் காமர்ஸ் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பரீட்சைத் தாளில் இந்தக் கணக்கு எப்படி வரும் என்பதும், மார்ச் 31 ராத்திரி அலுவலகத்தில் இது எப்படி முடியும் என்பதும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

ஒரே ஒரு பாலிசியில் ஆரம்பிப்போம். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், குடோனில் இருக்கிற சரக்குக்கு ஜனவரி 1 முதல் ஒரு வருஷத்துக்குத் தீ காப்பீடு எடுக்கிறார். பிரீமியம் 36,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி இதில் சேராது. அது அரசாங்கத்துப் பணம், கம்பெனி வாங்கிக் கட்டுவதோடு சரி, பிரீமியக் கணக்கில் நுழையவே நுழையாது. 365 நாளுக்கு 36,500 என்றால் ஒரு நாளைக்கு 100 ரூபாய். மார்ச் 31 அன்று கணக்கை மூடும்போது 90 நாள் ஓடியிருக்கும். அந்த 90 நாளில் என்றைக்குக் குடோன் எரிந்திருந்தாலும் கம்பெனி கொடுத்திருக்க வேண்டும், எரியவில்லை. அந்தக் காவலுக்கான கூலி 9,000 ரூபாய், அது சம்பாதித்த பணம். மிச்சம் 27,500 ரூபாய்க்கு இன்னும் 275 நாள் காவல் பாக்கி இருக்கிறது. மே மாதத்தில் மின்கசிவு வந்து சரக்கு எரிந்தால், புது வருஷத்துப் பணத்திலிருந்து கொடுக்க வழியில்லை. இந்த வியாபாரிதான் மறுபடி பிரீமியம் கட்டவே போவதில்லையே. இடையில் அவர் பாலிசியை ரத்து செய்தாலும் ஓடாத காலத்துக்கு உண்டான பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே 36,500 ரூபாயும் பெட்டிக்கு வந்துவிட்டது என்றாலும், இந்த வருஷத்து வருமானம் 9,000தான். மீதி 27,500 கம்பெனியின் கடன். பாடப்புத்தகத்தில் காலாவதியாகாத இடர்களுக்கான காப்பு என்று நீளமாகச் சொல்வது இந்தக் கடனைத்தான். ஒதுக்கி வைத்த லாபம் என்று நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பொதுக் காப்பு லாபத்திலிருந்து எடுப்பது. இது லாபம் என்று ஆவதற்கு முன்பே கழிவது. அதனால்தான் இருப்புநிலைக் குறிப்பிலும் பங்குதாரர் நிதிக்குள் வராமல், ஒதுக்கீடுகள் என்ற 14ஆம் அட்டவணையில் நிற்கிறது.

சரி, நாள் கணக்குத்தான் நியாயம் என்றால் பாதி எங்கிருந்து வந்தது? லட்சக்கணக்கான பாலிசிகளை லெட்ஜரில் எழுதிய காலத்தில், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் பாக்கி என்று எண்ண முடியாது. வருஷம் முழுக்க பிசினஸ் சீராக வந்தால், ஏப்ரலில் எழுதிய பாலிசி கிட்டத்தட்ட முழுக்க ஓடி முடிந்திருக்கும், மார்ச்சில் எழுதியது கிட்டத்தட்ட முழுக்க பாக்கி இருக்கும், சராசரியாகப் பார்த்தால் பாதி ஓடியிருக்கும். அந்த அனுமானம்தான் 50 சதவீதம். நம்முடைய ஜவுளிக்காரர் பாலிசிக்குப் பாதி என்று போட்டால் 18,250 ரூபாய் வரும், உண்மையில் வேண்டியது 27,500. அதே சமயம் ஏப்ரல் 10ஆம் தேதி ஆரம்பித்த இன்னொருவர் பாலிசிக்கு வருஷக் கடைசியில் பாக்கி 9 நாள்தான், அதற்கும் பாதியை வைத்திருப்போம். ஒன்றில் குறைவது மற்றொன்றில் கூடும், மொத்தத்தில் சரியாகிவிடும் என்பதுதான் கணக்கு. பிசினஸ் சீராக வந்தால் சரியாகும். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் குவிந்தால் சரியாகாது, பாதி போதாது. டார்கெட் முடிக்கிற அவசரத்தில் கடைசி மூன்று மாதத்தில் பாலிசி குவிவது எந்தக் கிளைக்கும் புதிதல்ல, உங்கள் மாமாவைக் கேட்டாலே சொல்வார்.

இன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பாலிசியின் தேதியும் இருக்கிறது. அதனால் நாளுக்கு 365-இல் ஒரு பங்கு என்று எண்ணுகிற முறையும் நடைமுறையில் இருக்கிறது. பாதி முறையும் இருக்கிறது. கப்பலுக்கே எடுக்கிற மெரைன் ஹல் காப்பீட்டுக்கு மட்டும் 100 சதவீதம். 1938ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 64வி பிரிவில், சரக்குக்கான மெரைன் கார்கோவுக்குப் பாதி, ஹல்லுக்கு முழுசு என்று பிரித்திருந்தார்கள். உங்கள் பாடப்புத்தகக் கணக்குகளில் பெரும்பாலும் மெரைன் என்று மொத்தமாகப் போட்டு 100 சதவீதம் என்பார்கள். பரீட்சையில் கேள்வித்தாள் என்ன சதவீதம் கொடுக்கிறதோ அதைப் போடுங்கள், கொடுக்காவிட்டால் தீக்கும் இதர வகைக்கும் 50, மெரைனுக்கு 100. சட்டம் வேறு சொல்கிறதே என்று அங்கே வாதாட வேண்டாம்.

ரிசர்வோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. ஏப்ரல் 4ஆம் தேதி பாலிசி முடிகிற ஒருவர், மார்ச் 28ஆம் தேதியே வந்து பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார். புது பாலிசி ஏப்ரல் 5இல்தான் ஆரம்பம். சட்டத்தின் 64விபி பிரிவுப்படி பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்பதால் இப்படி முன்கூட்டிக் கட்டுவது சாதாரணம். இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட இந்த வருஷத்துப் பிரீமியம் ஆகாது. பிரீமியமாகவே எழுதாமல், முன்கூட்டி வந்த பிரீமியம் என்று நடப்புப் பொறுப்புகளில் போட்டுவிட வேண்டும். பிரீமியமாக எழுதி, பாதியை ரிசர்வ் வைத்தால் இல்லாத வருமானத்தில் பாதியைக் காட்டிவிட்டதாக ஆகும். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி பாலிசியைச் சேர்த்தே விற்கிறார்களே, அதிலும் இதே கதைதான். ஐந்து வருஷப் பணம் ஒன்றாக வந்தாலும் ஒரு வருஷத்துப் பங்குதான் அந்த வருஷத்துப் பிரீமியம், மீதி நான்கு வருஷம் முன்பணமாகக் காத்திருக்கும். அந்த ஒரு வருஷத்துப் பங்கிலும் ஓடாத நாட்களுக்கு ரிசர்வ் தனியாக உண்டு.

இப்போது ஒரு தீ காப்பீட்டு வருமானக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நானாக எடுத்தவை, எல்லாம் லட்ச ரூபாயில். போன வருஷம் நிகர பிரீமியம் 800, அதனால் வருஷ ஆரம்பத்தில் ரிசர்வ் 400 நிற்கிறது. இந்த வருஷம் நேரடியாக வாங்கிய பிரீமியம் 1,150. மற்ற கம்பெனிகளிடமிருந்து ஏற்றுக்கொண்ட மறுகாப்பீட்டுக்கு வந்தது 50. நாம் மறுகாப்பீட்டுக்குக் கொடுத்த பிரீமியம் 200. ஆக நிகர பிரீமியம் 1,150 கூட்டல் 50 கழித்தல் 200, அதாவது 1,000. பிள்ளைகள் வழுக்குகிற இடம் இதுதான்: பாதி என்பது இந்த 1,000 மேல்தான், 1,150 மேல் இல்லை. கொடுத்துவிட்ட 200க்கு உரிய பொறுப்பை மறுகாப்பீட்டாளர் சுமக்கிறார், அதற்கு நாம் ரிசர்வ் வைக்க வேண்டியதில்லை. ஆகவே கடைசி ரிசர்வ் 500. போன வருஷத்து 400 இந்த வருஷம் ஓடி முடிந்து வருமானமாகிறது, இந்த வருஷத்து 500 அடுத்த வருஷத்துக்குப் போகிறது. 1,000 கூட்டல் 400 கழித்தல் 500 என்றாலும் சரி, ரிசர்வ் ஏற்றம் 100ஐ 1,000இலிருந்து கழித்தாலும் சரி, சம்பாதித்த பிரீமியம் 900. இரண்டு வழியிலும் விடை ஒன்றுதான். கேள்வியில் கூடுதல் ரிசர்வ் என்று தனியாக ஒரு தொகை கொடுத்திருந்தால், ஆரம்பத்திலும் கடைசியிலும் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் சேர்த்துவிட்டு, கடைசியில் மறந்துவிட்டால் லாபம் பொய்யாக ஏறிவிடும்.

க்ளெய்ம் பக்கம் வருவோம். நேரடியாகக் கொடுத்தது 520, சர்வேயர் கட்டணமும் வக்கீல் செலவும் 15, ஏற்ற மறுகாப்பீட்டுக்குக் கொடுத்தது 20. நாம் மறுகாப்பீட்டாளரிடமிருந்து வசூலித்தது 90. சர்வேயர் கட்டணத்தை நிர்வாகச் செலவில் தள்ளிவிடாதீர்கள், க்ளெய்மைத் தீர்க்க ஆகிற செலவு க்ளெய்மில்தான் சேரும். கொடுத்தது நிகரமாக 465. இத்தோடு முடியவில்லை. வருஷ ஆரம்பத்தில் தீராமல் நின்ற க்ளெய்ம் 120, கடைசியில் தீராமல் நிற்பது 195. இந்த வருஷம் கொடுத்த பணத்தில் பழைய பாக்கியும் கலந்திருக்கிறது, அதனால் 120ஐக் கழிக்கிறோம். இந்த வருஷம் நடந்த விபத்துக்கு அடுத்த வருஷம் கொடுக்கப் போவது 195, அதைக் கூட்டுகிறோம். ஆக ஏற்பட்ட க்ளெய்ம் 540. ரிசர்வும் தீராத க்ளெய்மும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்று இன்னும் நடக்காத தீக்கு, மற்றது நடந்து முடிந்த தீக்கு. நம் ஜவுளிக் குடோன் மார்ச் 27 அன்று எரிந்து, சர்வேயர் இன்னும் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தால், அந்த நஷ்டம் மதிப்பிட்ட தொகைக்குத் தீராத க்ளெய்மில் ஏறும்.

கமிஷன் நிகரமாக 120, நிர்வாகச் செலவு 210. மறுகாப்பீட்டாளர் நமக்குத் தருகிற கமிஷனைக் கழித்த பிறகு வருவதுதான் அந்த 120. இப்போது 900இலிருந்து 540, 120, 210 மூன்றையும் கழித்தால் மிச்சம் 30. இதுதான் காப்பீட்டுத் தொழிலில் மட்டும் கிடைத்தது, அலுவலகத்தில் அண்டர்ரைட்டிங் லாபம் என்போம். பாலிசிதாரர்கள் பணத்தை முதலீடு செய்ததில் வந்த வட்டியும் டிவிடெண்டும் 70 என்றால், தீ பிரிவின் செயல்பாட்டு லாபம் 100.

இந்த எண்களில் ஒன்றைக் கவனியுங்கள். க்ளெய்ம் 540, சம்பாதித்த பிரீமியமான 900இல் 60 சதவீதம். கமிஷனும் செலவும் சேர்ந்து 330, நிகர பிரீமியமான 1,000இல் 33 சதவீதம். அடுத்து இந்த இரண்டு விகிதத்தையும் மாற்றாமல், ரேட்டையும் மாற்றாமல், பிசினஸ் அளவை மட்டும் மாற்றுவோம். போன வருஷத்து 800 அப்படியே இருக்கட்டும். இந்த வருஷமும் பிசினஸ் வளராமல் 800லேயே நின்றால், ஆரம்ப ரிசர்வும் கடைசி ரிசர்வும் 400தான், சம்பாதித்தது 800. க்ளெய்ம் 480, கமிஷனும் செலவும் 264, அண்டர்ரைட்டிங் லாபம் 56. பிசினஸ் 1,000 ஆனால் அதுவே 30. மாமா சொன்ன மாதிரி அமோகமாக 1,400 ஆகிவிட்டது என்று வையுங்கள். கடைசி ரிசர்வ் 700, ரிசர்வ் ஏற்றம் 300, சம்பாதித்தது 1,100. க்ளெய்ம் 660. கமிஷனும் செலவும் 462. கூட்டினால் 1,122. நஷ்டம் 22. ஒரு குடோன்கூட வழக்கத்தைவிட அதிகமாக எரியவில்லை, ஒரு ரூபாய்கூட ரேட் குறையவில்லை, ஆனாலும் 56 லாபம் 22 நஷ்டமாகிவிட்டது.

இது எங்கிருந்து வருகிறது என்பதைப் புதிதாக வந்த ஒரு 100 ரூபாயை வைத்துப் பாருங்கள். பாலிசி எழுதிய அன்றே ஏஜென்டுக்குக் கமிஷன், அலுவலகச் செலவு என்று 33 ரூபாய் போய்விடுகிறது. அது முழுசும் இந்த வருஷச் செலவு. பிரீமியத்திலோ 50தான் இந்த வருஷ வருமானம். அந்த 50க்கு உண்டான க்ளெய்ம் 30. ஆக 50 வந்து 63 போகிறது, முதல் வருஷம் 13 ரூபாய் நஷ்டம். அடுத்த வருஷம் ரிசர்வில் இருந்த 50 வருமானமாக வெளியே வரும், அதற்கு க்ளெய்ம் 30, வேறு செலவு இல்லை, 20 ரூபாய் லாபம். இரண்டு வருஷத்தையும் சேர்த்தால் 7 ரூபாய் லாபம். பாலிசி நல்ல பாலிசிதான். வருமானத்தைப் பாதியாகப் பிரித்து இரண்டு வருஷத்துக்குக் கொடுத்துவிட்டு, செலவை முழுசாக முதல் வருஷத்திலேயே எழுதுகிறார்கள், அவ்வளவுதான். 800க்கு மேல் கூடுதலாக வந்த 600க்கு, 100க்கு 13 வீதம் 78 கணக்கிடுங்கள். 56இலிருந்து 78ஐக் கழித்தால் மேலே வந்த அதே 22 நஷ்டம்.

செலவையும் பிரீமியம் மாதிரியே அடுத்த வருஷத்துக்குத் தள்ளினால் என்ன என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்வி. பாலிசி பிடிக்கிற செலவை ஒத்திவைக்க இடம் கொடுக்கிற கணக்கு முறைகள் உலகத்தில் உண்டு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2002ஆம் வருஷத்து விதிகள் வகுத்த முறை அதற்கு இடம் கொடுக்கவில்லை: பாலிசி பிடிக்க ஆன செலவு எந்த வருஷம் ஏற்பட்டதோ அந்த வருஷத்தில்தான். பாலிசிதாரர் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு இது தவறாகப் படவில்லை. ஏஜென்டுக்குப் போன கமிஷன் திரும்பி வரப் போவதில்லை, மே மாதம் குடோன் எரிந்தால் அதை எடுத்துக் கொடுக்க முடியாது. கஷ்டம் பங்குதாரருக்குத்தான். வேகமாக வளர்கிற கம்பெனி ஒவ்வொரு வருஷமும் கூடுதல் மூலதனம் கேட்டு அவர்கள் வாசலில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதன் மறுபக்கம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. பிசினஸ் 800இலிருந்து 600க்குச் சரிந்துவிட்டது என்று வையுங்கள். கடைசி ரிசர்வ் 300, ஆரம்ப ரிசர்வ் 400, ஆக ரிசர்விலிருந்து 100 வெளியே வந்து வருமானத்தில் சேர்கிறது. சம்பாதித்தது 700, க்ளெய்ம் 420, கமிஷனும் செலவும் 198, லாபம் 82. நான்கு நிலைமைகளில் இதுதான் அதிக லாபம். வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருக்கிற கம்பெனி அந்த வருஷம் பிரமாதமாகத் தெரியும். உண்மையில் செலவு இப்படிப் பிரீமியத்தோடு சேர்ந்து குறையவும் செய்யாது. கட்டட வாடகையும் சம்பளமும் அப்படியே நிற்கும், அதனால் 82 முழுசாகக் கிடைக்காது. ஆனாலும் ரிசர்விலிருந்து அந்த 100 வெளியே வருவது நிச்சயம். அடுத்த வருஷமும் 600 என்றால் அந்த 100 மறுபடி வராது.

அதனால் லாப வரியை மட்டும் பார்த்து ஒரு ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியை எடை போடக் கூடாது. க்ளெய்மைச் சம்பாதித்த பிரீமியத்தாலும், கமிஷனையும் செலவையும் நிகர பிரீமியத்தாலும் வகுத்து, இரண்டு சதவீதத்தையும் கூட்டுங்கள். தொழிலில் கம்பைண்டு ரேஷியோ என்று சொல்வது இதுதான். நம் நான்கு நிலைமைகளிலும் அது 60 கூட்டல் 33, அதாவது 93தான். லாபம் 82, 56, 30, நஷ்டம் 22 என்று எங்கெங்கோ ஓடினாலும் இந்த எண் அசையவில்லை. 100 ரூபாய்க்கு 7 ரூபாய் மிஞ்சுகிற பிசினஸ் என்பதை அது சொல்லிவிடுகிறது. மாமாவின் கம்பெனியில் இந்த விகிதம் 100க்குக் கீழே இருந்து, அண்டர்ரைட்டிங் நஷ்டமும் இருந்தால், நஷ்டம் வளர்ச்சியால் வந்தது. விகிதமே 100ஐத் தாண்டி, அதிலும் க்ளெய்ம் பங்கு ஏறியிருந்தால், வளர்ச்சி என்று சமாதானம் சொல்ல முடியாது. ரேட்டைக் குறைத்துப் பிசினஸைப் பிடித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

லாப நஷ்டக் கணக்கு என்று கேள்வித்தாளில் கேட்டால் பலர் இதுவரை நாம் போட்டதையே எழுதிவிட்டு எழுந்து போகிறார்கள். இது வருமானக் கணக்கு. தீ, மெரைன், இதர வகை என்று தனித்தனியாகப் போட வேண்டியது. லாப நஷ்டக் கணக்கு அதற்குப் பிறகுதான் வருகிறது, சின்னதாகவே இருக்கும். தீயில் லாபம் 100, மெரைனில் நஷ்டம் 15, இதரத்தில் லாபம் 40 என்றால் 125 கொண்டுவருவோம். பங்குதாரர் நிதியை முதலீடு செய்ததில் வந்த வருமானம் 60ஐச் சேர்ப்போம். சந்தேகக் கடனுக்கான ஒதுக்கீடு 10, காப்பீட்டுத் தொழிலோடு சம்பந்தமில்லாத செலவு 5 இரண்டையும் கழித்தால் 170. வரிக்கு 43 போனால் 127. டிவிடெண்ட், காப்புக்கு மாற்றல் எல்லாம் இதிலிருந்துதான். ரிசர்வ் இந்தக் கணக்கில் எங்கேயும் வராது, அதன் வேலை வருமானக் கணக்கிலேயே முடிந்துவிட்டது.

இவ்வளவு கணக்கிலும் எது உறுதி, எது மதிப்பீடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் பெரும்பாலும் கூட்டல் கழித்தல்தான். பிரீமியமும் தேதியும் தெரிந்தால் யார் போட்டாலும் ஒரே எண் வரும், ஏமாற்ற இடம் குறைவு. ஆனால் அந்த ரிசர்வ் போதுமா என்பது வேறு கேள்வி. வாங்கிய ரேட்டே கம்மி என்றால், ஓடாத காலத்துக்கு வைத்த பணத்தைவிட அந்தக் காலத்தில் வரப்போகிற க்ளெய்ம் அதிகமாகிவிடும். அப்படித் தெரிந்தால் பிரீமியப் பற்றாக்குறை என்று கூடுதலாக ஒதுக்க வேண்டும். தீராத க்ளெய்ம் என்பதோ முழுக்க மதிப்பீடு. தீயில் அது சீக்கிரம் தெரிந்துவிடும், சர்வேயர் அறிக்கை வந்தால் தொகை கிட்டத்தட்ட தெளிவு. மோட்டார் தேர்ட் பார்ட்டியில் அப்படி இல்லை. நாலுவழிச் சாலையில் நடந்த ஒரு விபத்துக்கு விபத்துத் தீர்ப்பாயத்தில் வழக்கு வருஷக்கணக்கில் நடக்கும், தொகை தீர்ப்பில்தான் தெரியும், வட்டியும் சேரும். நடந்துவிட்டது, ஆனால் இன்னும் யாரும் வந்து சொல்லவில்லை என்ற க்ளெய்முக்கும் ஒரு தொகை போட வேண்டும். அதைக் கம்பெனியின் ஆக்சுவரி கணித்துக் கையெழுத்திட்டுத் தருவார். கிளையில் இருந்த எங்களுக்கு அது மேலிருந்து வருகிற எண், உள்ளே போய்ச் சோதிக்க வழியில்லை. வெளியிலிருந்து கணக்கைப் படிக்கிற உங்களுக்கும் அதே நிலைமைதான். ஆகவே என் எடுத்துக்காட்டில் 60 சதவீதம் என்று அழுத்தமாகப் போட்ட க்ளெய்ம் விகிதம், நிஜக் கம்பெனியில் இரண்டு மூன்று வருஷம் கழித்து 66 என்றோ 55 என்றோ தெரியவரலாம்.

மாமாவின் கம்பெனியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், எல்லா கம்பெனிகளும் தங்கள் இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிற படிவங்களைத் திறந்து பாருங்கள். NL-1 வருமானக் கணக்கு, NL-2 லாப நஷ்டக் கணக்கு. நீங்கள் முதலில் போக வேண்டியது NL-4, பிரீமிய அட்டவணை. அதில் நிகர பிரீமியத்துக்குக் கீழே ரிசர்வ் விவரம் இருக்கும், ஆரம்ப ரிசர்வுக்கும் கடைசி ரிசர்வுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரிசர்வ் ஏற்றம். அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு, NL-6இல் கமிஷனையும் NL-7இல் செலவையும் கூட்டி நிகர பிரீமியத்தால் வகுங்கள். ரிசர்வ் எவ்வளவு ஏறியதோ அத்தனை பிரீமியமும் இந்த வருஷம் சம்பாதிக்காமல் நிற்கிறது, ஆனால் அதைப் பிடிக்க ஆன செலவு எழுதியாகிவிட்டது. ஆகவே ரிசர்வ் ஏற்றத்தை அந்தச் செலவு விகிதத்தால் பெருக்கினால், வளர்ச்சியால் மட்டும் இந்த வருஷத்தின் தலையில் ஏறிய செலவு ஏறக்குறைய கிடைத்துவிடும். நம் 1,400 நிலைமையில் 300ஐ 33 சதவீதத்தால் பெருக்கினால் 99. நஷ்டம் 22ஐ இதில் சேர்த்துப் பார்த்தால் 77 லாபம், அது சம்பாதித்த 1,100க்கு 7 சதவீதம். மாமாவின் கம்பெனியிலும் நஷ்டத்தை இப்படி ஈடு செய்து மேலே வந்தால் அவர் கவலைப்படாமல் பாலிசி பிடிக்கலாம். ஈடாகாமல் நஷ்டம் அப்படியே நின்றால் NL-5ஐத் திறந்து, கடைசியில் தீராமல் நிற்கிற க்ளெய்ம் போன வருஷத்தைவிட எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்தப் பிரிவில் ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.